வெப்கேம் படத்தில் ஓடும் கறுப்புப் பட்டைகள்

பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடியோ கால் பேசும்போது படம் தெளிவாக இருக்கிறது. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அதே கேமராவில் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்குகின்றன. சில வீடுகளில் பட்டை தெரியாமல் படம் முழுவதும் படபடவென்று துடிக்கும். நெட் சரியில்லை என்று ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். அதிலும் சரியாகாவிட்டால் கேமரா பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி வேறொன்றை வாங்குவார்கள். புதியதிலும் அதே பட்டைகள் ஓடும்.

நெட் மந்தமானால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும். குறுக்கே சீரான இடைவெளியில் பட்டைகள் வராது. ஆகவே சீரான பட்டைகளைக் கண்டால் நெட்டை விட்டுவிட்டு அறையின் விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்து, பகல் வெளிச்சத்தில் மட்டும் கேமராவைப் போட்டுப் பாருங்கள். பட்டை மறைந்துவிட்டால் கேமரா நல்ல நிலையில்தான் இருக்கிறது. அந்த விளக்கோடு கேமராவின் கணக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கைச் சரிசெய்ய பெரும்பாலான கேமராக்களில் ஒரு அமைப்பு இருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருப்பதால் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். இந்தியாவில் அது விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் ஒரு பக்கம் ஏறி இறங்கி, பிறகு மறுபக்கம் ஏறி இறங்கும். எந்தப் பக்கம் ஓடினாலும் விளக்கு எரியும் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை விளக்கு பிரகாசமாகி மங்குகிறது. விநாடிக்கு 100 முறை. அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. நம் கண்ணுக்கு இவ்வளவு வேகம் எட்டாது என்பதால் விளக்கு ஒரே சீராக எரிவதாகத்தான் தெரியும்.

பழைய குண்டு பல்பும் இப்படித் துடித்ததுதான். ஆனால் அதன் இழை சூடேறிச் சிவந்திருப்பதால், அடுத்த துடிப்பு வருவதற்குள் அது அதிகம் ஆறிவிடாது. அதனால் வெளிச்சம் கொஞ்சம்தான் ஏறி இறங்கும். ட்யூப் லைட்டில் அந்த ஏற்ற இறக்கம் அதிகம். கனமான பழைய சோக் போட்ட ட்யூப்பில் உள்ளே பூசிய பாஸ்பர் பொடி கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பதால் விளக்கு முழுதாக இருண்டுவிடுவதில்லை. எல்.இ.டி. அப்படியல்ல. மின்னோட்டம் நின்ற கணமே அதன் ஒளியும் அநேகமாக நின்றுவிடும். நல்ல எல்.இ.டி. பல்பில் மின்னோட்டத்தைச் சமப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் இருக்கும். விலையைக் குறைப்பதற்காக அந்த சர்க்யூட்டில் கைவைத்த மலிவு பல்பு, விநாடிக்கு 100 முறை அணைந்து எரிவதற்குச் சமமாகத் துடிக்கும். ட்யூப் லைட் இருந்தவரை லேசாகத் தெரிந்த பட்டை, எல்.இ.டி. மாட்டிய பிறகு அழுத்தமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இனி கேமரா. வெப்கேமில் இருக்கும் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. ஜெராக்ஸ் மெஷினில் வெளிச்சக்கோடு தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வதுபோல, மேல் வரியில் தொடங்கி வரிவரியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு வரியும் ஒரே அளவு நேரம்தான் ஒளியை வாங்குகிறது. ஆனால் அடுத்தடுத்த வரிகள் சற்றுச் சற்றுத் தாமதமாக வாங்கத் தொடங்குகின்றன. விளக்கு சீராக எரிந்தால் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. துடிக்கும் விளக்காக இருந்தால், ஒரு வரி வெளிச்சத்தின் உச்சத்தை வாங்கும், இன்னொரு வரி மங்கிய நேரத்தில் மாட்டிக்கொள்ளும். உச்சம் கிடைத்த வரிகள் வெளுத்த பட்டையாகவும், மங்கலில் மாட்டிய வரிகள் கறுத்த பட்டையாகவும் திரையில் வந்து நிற்கும்.

விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா, ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை வாசிக்க ஏறக்குறைய 33 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் விளக்கு மூன்று முறைக்குச் சற்று அதிகமாகத் துடித்திருக்கும். அதனால்தான் நம் ஊரில் பல வெப்கேம்களில் ஏறத்தாழ மூன்று கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. அந்த ‘சற்று அதிகம்’ ஒவ்வொரு படத்திலும் மிச்சம் விழுவதால் பட்டை நின்ற இடத்தில் நிற்காமல் நகர்கிறது. சென்சார் வேகமாக வாசிப்பதாக இருந்தால் பட்டைகளின் எண்ணிக்கை குறையும்.

அப்படியானால் வரிகள் அனைத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்க என்ன வழி? ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரத்தை விளக்கின் துடிப்புக்குப் பொருத்திவிட வேண்டும். அந்த நேரம் 10, 20, 30 மில்லி விநாடி என்று பத்தின் மடங்காக இருந்துவிட்டால், வரி எந்தக் கணத்தில் தொடங்கினாலும் அதற்குள் முழுத் துடிப்புகள்தான் அடங்கும். 20 மில்லி விநாடிக்குள் எப்படிப் பார்த்தாலும் இரண்டு உச்சம், இரண்டு மங்கல். எல்லா வரிக்கும் பங்கு சமம் என்பதால் பட்டை வராது. விளக்கு என்னவோ முன்போலவே துடித்துக்கொண்டுதான் இருக்கும், படத்தில் அது தெரியாமல் போகும்.

இந்தப் பொருத்தத்தைச் செய்வதுதான் ஆன்டி ஃபிளிக்கர் என்ற அமைப்பு. அதில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என இரண்டு தேர்வுகள் இருக்கும். சிலவற்றில் முழுதாக அணைத்து வைக்கும் தேர்வும், தானே கண்டுபிடித்துக்கொள்ளும் தேர்வும் உண்டு. 60 எதற்கு என்றால், அமெரிக்கா, கனடா, தென் கொரியா, தைவான், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே விளக்கு விநாடிக்கு 120 முறை துடிக்கிறது. ஜப்பான் ஒரே நாடாக இருந்தும் கிழக்கே டோக்கியோ பக்கம் 50, மேற்கே ஒசாகா பக்கம் 60. அங்கே ஊர் மாறினாலே இந்த எண்ணை மாற்ற வேண்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்கிலும் 50தான்.

பல வெப்கேம்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 60இல் இருக்கின்றன. 60 என்று வைத்த கேமரா, அறையின் வெளிச்சத்தைப் பொறுத்து ஒவ்வொரு வரிக்கும் 8.3 அல்லது 16.7 மில்லி விநாடி ஒதுக்கும். நம் ஊர் விளக்குக்கு 16.7 என்பது ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு. மங்கலிலேயே முழுதாக இருண்டுவிடும் பல்பாக இருந்தால், இந்தக் கணக்கில் வெளுத்த வரிக்குக் கறுத்த வரியைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிக வெளிச்சம் கிடைத்துவிடும். திரையில் யார் பார்த்தாலும் தெரிகிற வித்தியாசம் அது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். சனிக்கிழமை மாலையில் டொரான்டோவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே அப்போது காலை நேரம். “தம்பி, பிள்ளைங்க என் கை தாளம் போடறதையே பார்க்க முடியலைங்குது. கோடு கோடா ஓடுதாம். கேமரா போயிடுச்சா?” என்று கேட்டார். போய்ப் பார்த்தால், பக்கச் சுவரில் சோக் வைத்த நாலடி ட்யூப் லைட், தலைக்கு மேலே மலிவு விலை எல்.இ.டி. பல்பு, லேப்டாப்பின் மேல் யு.எஸ்.பி. வெப்கேம்.

முதலில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். ட்யூப் லைட் மட்டும் எரிந்தபோது பட்டை இருந்தது, ஆனால் மங்கலாக. எல்.இ.டி. மட்டும் எரிந்தபோது டீச்சரின் வெள்ளைச் சுவரில் மூன்று கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. இரண்டையும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்ததும் ஒரு கோடும் இல்லை. கேமரா மேல் பழி இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

வகுப்புக்கான செயலியை முழுதாக மூடச் சொன்னேன். ஒரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருந்தால் இன்னொன்றில் அது திறக்காமல் போகலாம். பிறகு விண்டோஸோடு வரும் Camera செயலியைத் திறந்து, பல்சக்கரக் குறியைத் தொட்டு, அமைப்புகளுக்குள் Flicker reduction என்ற வரியைத் தேடினோம். அங்கே 60 Hz என்று இருந்தது. 50 Hz என்று மாற்றிய அந்த நொடியே சுவரில் இருந்த மூன்று கோடுகளும் மறைந்தன. “இவ்வளவுதானா?” என்றார் டீச்சர். அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த வரி தென்படாத கேமராக்களும் உண்டு. அப்போது இன்னொரு வாசல் இருக்கிறது. OBS Studio என்ற இலவசச் செயலியில் கேமராவை ஒரு சோர்ஸாகச் சேர்த்து, அதன் Properties பக்கத்தில் Configure Video பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதில் Video Proc Amp என்ற தாவலில் PowerLine Frequency (Anti Flicker) என்று எழுதியிருக்கும். அங்கே 50 Hz தேர்ந்தெடுக்கலாம். கேமரா நிறுவனமே தரும் செயலி இருந்தால் அதிலும் இந்தத் தேர்வு இருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் v4l-utils தொகுப்பை நிறுவிக்கொண்டு டெர்மினலில் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

```
v4l2-ctl -d /dev/video0 --set-ctrl=power_line_frequency=1
```

இதில் 1 என்பது 50 ஹெர்ட்ஸ், 2 என்பது 60, 0 என்பது அணைப்பு. எண் 1 என்பதைப் பார்த்து ஏதோ முதல் நிலை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

எந்த வழியில் மாற்றினாலும், கேமராவின் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகியதும் சில கேமராக்கள் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். நேற்று சரியாக இருந்த படத்தில் இன்று மீண்டும் பட்டை வந்தால் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

டீச்சர் வீட்டில் சில நாளில் பட்டை திரும்ப வந்துவிட்டது. எண்ணைப் பார்த்தால் 50லேயே இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் அமைப்பு வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் அறையில் ஒன்று மாறியிருந்தது. முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று லேப்டாப்புக்குப் பின்னால், முகத்துக்கு நேராக, புதிய எல்.இ.டி. பேட்டன் லைட் ஒன்றை மாட்டியிருந்தார். முன்பைவிட நல்ல வெளிச்சம். பட்டை வந்தது அந்த வெளிச்சத்தால்தான்.

பெரிய கேமராக்களில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கலாம், விரிக்கலாம். சாதாரண வெப்கேமில் அந்தத் துவாரம் நிலையானது. வெளிச்சம் கூடினால் அதனால் செய்ய முடிந்தவை இரண்டுதான். சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவைக் குறைக்கும். அது அடிமட்டத்துக்குப் போன பிறகும் வெளிச்சம் மிஞ்சினால், ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரத்தைக் குறைக்கும். 20 மில்லி விநாடியிலிருந்து 10க்கு இறங்கும்வரை கணக்கு கெடாது. 10க்கும் கீழே இறங்க வேண்டி வந்தால் விளக்கின் ஒரு முழுத் துடிப்புகூட அதற்குள் அடங்காது. அப்போது கேமராவின் முன் இரண்டு வழிதான். 10இலேயே நின்று முகம் வெளுத்துப் போக விட வேண்டும், அல்லது 5 மில்லி விநாடிக்கு இறங்கிப் பட்டையை ஏற்க வேண்டும். பல கேமராக்கள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. 5 மில்லி விநாடி என்பது அரைத் துடிப்பு. உச்சத்தில் விழுந்த வரிக்கும் மங்கலில் விழுந்த வரிக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் வந்துவிடும். ஆகவே இந்தப் பட்டைகள் முதலில் பார்த்ததைவிட அழுத்தமாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. எண் 50இல் இருக்கும்போதே பட்டை வருகிறது, ஒரு விளக்கை அணைத்தாலோ நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாலோ மறைகிறது என்றால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று பொருள். டீச்சரின் பேட்டன் லைட்டை நேராக முகத்தைப் பார்க்காமல் பக்கத்து வெள்ளைச் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினோம். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகத்துக்குப் போதுமானதாக இருந்தது, பட்டையும் போனது. முகத்தில் விழுந்த நிழல்களும் மென்மையாகிவிட்டதால், கை தாளம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதாகப் பிள்ளைகள் சொன்னார்களாம்.

பகலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு விளக்கையும் போட்டு வைப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். ஜன்னல் வெளிச்சத்தால் கேமரா நேரத்தைக் குறைத்துவிடும், விளக்கின் துடிப்பு அதில் வெளிப்பட்டுவிடும். அந்த நேரத்தில் விளக்கு தேவையே இல்லை. அணைத்துவிடலாம்.

இந்த எண் அமைப்பே இல்லாத மலிவு வெப்கேம்களில், நேரத்தைக் கையால் பிடித்து வைக்கலாம். அதே OBS பெட்டியில் Camera Control தாவலில் Exposure என்ற அளவுக்கு எதிரே இருக்கும் Auto குறியை எடுத்துவிட்டால் அது நம் கைக்கு வரும். அதில் தெரியும் எண்கள் -5, -6, -7 என்று இருக்கும். -5 என்றால் விநாடியில் 32இல் ஒரு பங்கு, -6 என்றால் 64இல் ஒரு பங்கு, -7 என்றால் 128இல் ஒரு பங்கு. நம் 10 மில்லி விநாடிக் கணக்குக்கு இவற்றில் எதுவும் கச்சிதமாகப் பொருந்தாது. ஆனால் -5 என்பது 31 மில்லி விநாடி, மூன்று துடிப்புக்கு மிக அருகில். அதில் மிச்சமிருக்கும் பட்டை கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. -6இலும் -7இலும் பட்டை நன்றாகவே தெரியும். எனவே இந்திய வீட்டில் -5இல் நிறுத்திவிட்டு, படம் வெளுத்தால் விளக்கைக் குறைப்பதுதான் சரி. இவ்வளவு நீண்ட நேரத்தில் வேகமாக அசையும் கை சற்றுக் கலங்கித் தெரியும். அதைத் தவிர்க்க வழியில்லை.

எந்த எண்ணாலும் தீராத விளக்கு ஒன்று உண்டு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு வரும் பல ரிங் லைட்டுகளும் எல்.இ.டி. பேனல்களும் அது. இவற்றில் பல, வெளிச்சத்தைக் குறைக்க மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை. எல்.இ.டி.யை விநாடிக்குப் பல நூறு அல்லது ஆயிரக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இந்தத் துடிப்புக்கும் வீட்டு மின்சாரத்தின் 50க்கும் சம்பந்தமே இல்லை. இதனால் வரும் பட்டைகள் பெரும்பாலும் மெல்லியதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது வந்து, முழு அளவுக்கு ஏற்றியதும் மறைந்தால் இந்த வகைதான் என்று உறுதியாகச் சொல்லலாம். விளக்கை முழு அளவில் எரியவிட்டு, தள்ளி வைப்பதோ மேலே மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகத் தொங்கவிடுவதோதான் தீர்வு. துணி விளக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு சூடாகும்.

முனை கருத்துப்போன பழைய ட்யூப் லைட்டும் கொஞ்சம் தொல்லை தரும். அது ஒரு பக்க மின்னோட்டத்துக்கு ஒரு மாதிரியும் மறுபக்கத்துக்கு வேறு மாதிரியும் எரியத் தொடங்கிவிடுவதால், 10 மில்லி விநாடிக் கணக்கு அதற்குப் போதாது. ட்யூப்பை மாற்றிவிடுவதே நல்லது. எலக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூப் லைட்டில் இந்தப் பிரச்சினை மிகவும் குறைவு. அது விளக்கை விநாடிக்கு 20,000 முறைக்கும் மேல் துடிக்க வைப்பதால், எந்த வரிக்கும் பங்கு குறைவதில்லை.

கேமரா முன் உட்காரும் இடத்துக்கு எல்.இ.டி. பல்பு வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம். போன் கேமராவில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/1000 அளவுக்கு வைத்து, எரியும் பல்புக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சுவரையோ தாளையோ பாருங்கள். அழுத்தமான கோடுகள் ஓடினால் அது அதிகம் துடிக்கும் பல்பு. கோடு தெரியவில்லை அல்லது மிக லேசாகத் தெரிகிறது என்றால் டிரைவர் நன்றாக இருக்கிறது. சற்றுக் கூடுதல் விலையானாலும் அந்தப் பல்பையே எடுங்கள். அந்த வெளிச்சத்தில் கேமராவில் எந்த எண் இருந்தாலும் படம் கெடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் லேப்டாப்பையோ வெப்கேமையோ கொண்டுவந்து கொடுத்தால் அதில் இந்த எண்ணை முதலில் பாருங்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்து வந்தது 60இல்தான் இருக்கும், இங்கே 50 ஆக்க வேண்டும். இங்கிருந்து அங்கே எடுத்துச் செல்பவர்கள் 60க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இலங்கைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் எதையும் தொட வேண்டியதில்லை.